கடிகாரத்தை நள்ளிரவில் மாற்றாமல் பின்னிரவில் மாற்றுவது ஏன்?

வினாக்குறி | 28 அக்டோபர் 2024, காலை 9:12

நேற்று ஐரோப்பாவில் கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னோக்கி நகர்த்தப்பட்டன. பெர்லினில் 3 மணி 2 ஆனது, இலண்டனில் 2 மணி 1 ஆனது. வரும் ஞாயிறு அமெரிக்காவில் 2 மணி 1 ஆகப் போகிறது. எல்லோரும் பின்னிரவில்தான் மாற்றுகிறார்கள். நாளும் கிழமையும் மாறும் நள்ளிரவிலேயே நேரத்தையும் மாற்றிவிட்டால், "ஞாயிறு முதல் புதிய நேரம்" என்று ஒரே வரியில் அறிவித்துவிடலாமே? மக்கள் தூங்கும் நேரம் என்பதால் பின்னிரவைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை, ஏனெனில் நள்ளிரவிலும் பெரும்பாலோர் தூங்கத்தான் செய்கிறார்கள்.

பழைய தண்டவாளம் | 28 அக்டோபர் 2024, காலை 10:40

விடை எளிது, தம்பி. எல்லாம் இரயில்வேயால் வந்தது. அமெரிக்கா 1918-இல் இந்த முறையைச் சட்டமாக்கியபோது, மிகக் குறைவான இரயில்கள் ஓடும் நேரம் எது என்று பார்த்து பின்னிரவு 2 மணியைத் தேர்ந்தெடுத்தது. மற்ற நாடுகள் அதைப் பார்த்துச் செய்தன. நான் கால அட்டவணைப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இதன் நியாயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நள்ளிரவு என்பது இரயில்வேக்கு அமைதியான நேரம் அன்று. மாலையில் புறப்பட்டவை இன்னும் ஊர் சேராமல் ஓடிக்கொண்டிருக்கும், கடைசிப் பயணிகள் வண்டிகள் பணிமனைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். 2 மணிக்கு நடைமேடைகள் காலியாகிவிடும்.

இன்றும் ஆம்டிராக் இரயில்கள் இலையுதிர்கால மாற்றத்தன்று ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கப்படுகின்றன, இல்லாவிட்டால் அடுத்த நிலையத்தில் அட்டவணைக்கு முன்பே போய் நிற்கும். வசந்தகால மாற்றத்தன்று நிலைமை தலைகீழ்: ஓடிக்கொண்டிருக்கும் வண்டி எந்தத் தவறும் செய்யாமலேயே 2 மணிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகிவிடுகிறது, முடிந்த அளவு ஓடி ஈடுகட்ட வேண்டியதுதான்.

ஆவணப்பித்தன் | 28 அக்டோபர் 2024, இரவு 8:05

இரயில் காரணம் அமெரிக்காவுக்குப் பொருந்தும். ஆனால் 2 மணி அங்கே பிறந்தது என்பதும் மற்றவர்கள் அமெரிக்காவைப் பார்த்துச் செய்தார்கள் என்பதும் காலவரிசைக்கு ஒத்துவரவில்லை. இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்ற கட்டடத் தொழிலதிபர் 1907-இல் வெளியிட்ட திட்டத்திலேயே, ஏப்ரல் மாதத்தின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னிரவு 2 மணிக்குக் கடிகாரத்தை இருபது இருபது நிமிடமாக முன்னோக்கி நகர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1916 மே 21 அன்று, பிரிட்டன் முதன்முறையாகக் கடிகாரத்தை மாற்றியபோதும் நேரம் 2 மணியாகத்தான் இருந்தது. அமெரிக்கச் சட்டம் இவை இரண்டுக்கும் பின்னால் வந்தது.

வினாக்குறி கேட்ட நள்ளிரவு முறையையும் ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறது. பிரிட்டனுக்கு மூன்று வாரம் முன்பே ஜெர்மனி தொடங்கிவிட்டது. 1916 ஏப்ரல் 30 அன்று இரவு 11 மணி ஆனதும் கடிகாரம் 12 என்று வைக்கப்பட்டது, அதாவது ஏப்ரல் 30 இருபத்துமூன்று மணி நேரத்தில் முடிந்து உடனே மே 1 பிறந்தது. கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இலையுதிர்காலத்தில் திரும்பும்போது அவர்கள் அதே 12 மணியைப் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். அக்டோபர் 1 பிறந்து ஒரு மணி நேரம் கடக்கும்வரை காத்திருந்து, 1 மணியை 0 மணியாகத் திருப்பினார்கள். பின்னோக்கி நகர்த்தும் கடிகாரம் முந்தைய நாளுக்குள் விழுந்துவிடக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

என் பார்வையில் உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. தேதி மாறும் இடம் ஒரு தையல். நேரம் மாறும் இடம் இன்னொரு தையல். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் துணி அங்கேதான் கிழியும்.

வினாக்குறி | 28 அக்டோபர் 2024, இரவு 9:30

தையல் உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கே கிழியும் என்பதை யாராவது கண்ணால் காட்டினால்தான் நம்புவேன்.

நிரலி | 29 அக்டோபர் 2024, காலை 7:20

நான் காட்டுகிறேன், ஏனெனில் அந்தக் கிழிசலை ஒட்டுப்போட்டவர்களில் நானும் ஒருத்தி.

பிரேசில் 2019-இல் கோடைக்கால நேரத்தைக் கைவிட்டது. அதுவரை அங்கே மாற்றம் நள்ளிரவில்தான் நடந்தது. 2019 பிப்ரவரி 16 சனிக்கிழமை இரவு 12 மணி ஆனதும் கடிகாரம் திரும்ப 11 ஆனது. நான் அப்போது ஒரு முன்பதிவு மென்பொருளைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். அதன் நாட்காட்டிப் பக்கத்தில் 14, 15, 16, 16, 17 என்று வரிசை வந்தது. பதினாறாம் தேதி இரண்டு முறை, அதன் பிறகு எல்லாத் தேதிகளும் ஒரு கட்டம் தள்ளி! காரணம் இதுதான்: முதல் நாளின் நள்ளிரவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் 24 மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார்கள். 16-ஆம் தேதி 0 மணியுடன் 24 மணி நேரத்தைக் கூட்டினால், அந்த நாள் 25 மணி நேரம் கொண்டதாக இருப்பதால், 16-ஆம் தேதி இரவு 11 மணியில்தான் போய் நிற்கும். நள்ளிரவில் மாற்றினால் இதுதான் கதி.

தராசு | 29 அக்டோபர் 2024, காலை 11:55

நிரலி சொன்ன பிழை உண்மை, ஆனால் அது நள்ளிரவு மாற்றத்தின் பிழை அன்று. அதே நிரலை நியூயார்க்கில் ஓட்டிப் பாருங்கள். வரும் நவம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை 0 மணியுடன் 24 மணி நேரத்தைக் கூட்டினால், அங்கே மாற்றம் 2 மணிக்கு நடந்தாலும், அந்த நாளுக்கும் 25 மணி நேரம் இருப்பதால் அதே நாள் இரவு 11 மணிதான் வரும். மூன்றாம் தேதி இரண்டு முறை தோன்றும். மாற்றத்தைப் பகல் 12 மணிக்கு வைத்தாலும் இதேதான் நடக்கும். "ஒரு நாள் என்றால் 24 மணி நேரம்" என்று எழுதியவர் செய்த தவறுக்கு நள்ளிரவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது.

நிரலி | 29 அக்டோபர் 2024, இரவு 10:48

இன்று மதியம் முழுவதும் இதை மனத்தில் உருட்டிக்கொண்டிருந்தேன். தராசு சொல்வது சரி. ஐந்து ஆண்டுகளாக அந்தக் கதையை நள்ளிரவின் மேல் பழி போட்டே சொல்லி வந்திருக்கிறேன். என் காலை நேரப் பதிவை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. அதே மென்பொருளில், அந்த மாற்றத்துக்கு மூன்றரை மாதம் முன்பு, வேறொரு புகார் வந்திருந்தது. 2018 நவம்பர் 4 ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்து முன்பதிவு செய்தவர்களுக்கு நவம்பர் 3 என்று உறுதிச் செய்தி போயிருந்தது. மற்ற எந்த ஞாயிறுக்கும் இது நேரவில்லை. அந்த நாளில் என்ன இருந்தது என்பதை இன்று மறுபடியும் எடுத்துப் பார்த்தேன்:

```
$ zdump -v America/Sao_Paulo | grep 'Nov.*2018'
America/Sao_Paulo  Sun Nov  4 02:59:59 2018 UT = Sat Nov  3 23:59:59 2018 -03 isdst=0 gmtoff=-10800
America/Sao_Paulo  Sun Nov  4 03:00:00 2018 UT = Sun Nov  4 01:00:00 2018 -02 isdst=1 gmtoff=-7200
```

சனிக்கிழமை 23:59:59 முடிந்ததும் அடுத்த நொடி ஞாயிறு 01:00:00. நவம்பர் 4-க்கு 0 மணி என்ற ஒன்று இல்லவே இல்லை. ஆனால் எங்கள் மென்பொருளில், பெரும்பாலான மென்பொருள்களைப் போலவே, நேரம் குறிப்பிடாமல் தேதியை மட்டும் கொடுத்தால் அது தானாகவே "அந்தத் தேதி 0 மணி" என்று எழுதிக்கொள்ளும். இல்லாத நேரத்தைக் கேட்டால் நேரத்தைக் கணக்கிடும் நிரல் நூலகம் என்ன செய்யும்? சில, உலக நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்கும் மாற்றத்துக்கு முன்பு இருந்த பழைய இடைவெளியை வைத்துக் கணக்கிட்டு 01:00 என்று தரும், அதனால் கேடு இல்லை. சில, பிழை என்று சொல்லி நின்றுவிடும், அதுவாவது நேர்மை. நாங்கள் பயன்படுத்தியது புதிய இடைவெளியை வைத்துக் கணக்கிட்டது. ஞாயிறு 0 மணியிலிருந்து இரண்டு மணி நேர வித்தியாசத்தைக் கொண்டு உலக நேரத்துக்குப் போய், திரும்ப உள்ளூர் நேரத்துக்கு வந்தபோது மூன்று மணி நேர வித்தியாசத்தைக் கொண்டு வந்ததால், சனிக்கிழமை இரவு 11 மணியில் இறங்கியது. அதில் மணியை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் அச்சிட்டால் நவம்பர் 3.

தராசு, இதை நியூயார்க்கில் ஓட்டிப் பாருங்கள் என்று இப்போது நான் சொல்கிறேன். அங்கே வசந்தகாலத்தில் இல்லாமல் போகும் நேரம் 2 முதல் 3 வரை. இல்லாத 2:30-ஐக் கேட்டால் 1:30 என்றோ 3:30 என்றோ வரும். மணி தவறும், ஆனால் தேதி தப்பிவிடும். மேலும் நிரல்களில் யாரும் கேட்காமலேயே தானாக எழுதப்படும் நேரம் 0 மணிதான், 2:30 அன்று.

தராசு | 30 அக்டோபர் 2024, காலை 8:15

ஒப்புக்கொள்கிறேன். இந்த எடுத்துக்காட்டு நிற்கும். ஆனாலும் ஒரு குறிப்பு: 1907-இல் 2 மணி என்று எழுதியவருக்கு மென்பொருள் தெரியாது. இப்போது நமக்கு வாய்த்த நன்மையை அப்போது அவர்களுக்கு இருந்த காரணமாக எழுதிவிடக் கூடாது.

இராப்பணி | 30 அக்டோபர் 2024, பகல் 2:30

இங்கே எல்லோரும் பின்னிரவு 2 மணியை யாருமில்லாத நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் இரவுப்பணிச் செவிலியர். எனக்கு அது நடுவேலை நேரம்.

கடிகாரம் 2-இலிருந்து 1-க்குத் திரும்பும் ஓர் இரவில் நடந்ததைச் சொல்கிறேன், இடம் வேண்டாம். ஒரு நோயாளிக்கு 1:50-க்கு இரத்த அழுத்தம் சட்டென இறங்கியது. பதிவு செய்தேன், மருத்துவரை அழைத்தேன், அவர் வந்து பார்த்து மருந்து எழுதினார், கொடுத்தேன். அதற்குள் கடிகாரம் திரும்பியிருந்ததால் மருந்து கொடுத்த நேரம் 1:15 என்று பதிவானது. உண்மையில் இரண்டுக்கும் இடையே 25 நிமிடம். கணினியோ எல்லாப் பதிவுகளையும் மணிப்படி வரிசைப்படுத்தியது. காலையில் பொறுப்பேற்க வந்தவர் படித்தது இதுதான்: 1:15-க்கு மருந்து கொடுக்கப்பட்டது, 1:50-க்கு அழுத்தம் இறங்கியது. மருந்தால்தான் இறங்கியது என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. அடுத்த வேளை மருந்தை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டார். நான் அப்போதுதான் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், நல்லவேளையாக வாசலைத் தாண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பதை முதலில் தாளில் எழுதி, "முதல் 1 மணி", "இரண்டாம் 1 மணி" என்று குறித்துவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நீங்கள் 2 மணியைத் தேர்ந்தெடுத்ததன் விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார் என்பதற்காக இதைச் சொன்னேன்.

ஆவணப்பித்தன் | 30 அக்டோபர் 2024, மாலை 6:44

இராப்பணி அம்மாவின் பதிவு இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பயன்பட்டது. ஜெர்மனியில் சட்டமே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. அக்டோபரில் இரண்டு முறை வரும் 2 மணி நேரத்தில் முதலாவதை 2ஏ என்றும் இரண்டாவதை 2பி என்றும் குறிக்க வேண்டும். நீங்கள் தாளில் செய்ததை அவர்கள் விதியாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இதே குழப்பம் நள்ளிரவு மாற்றத்தில் நடந்திருந்தால், இரண்டு முறை வருவது 11 முதல் 12 வரையிலான மணியாக இருந்திருக்கும். உங்கள் வரிசைக் குழப்பத்தோடு, நாளின் கடைசிக் கணக்கு, "நள்ளிரவுக்குள்" என்று கெடு வைத்த விண்ணப்பங்கள், நாள் மாறும் முன் ஓட வேண்டிய பணிகள் எல்லாமே அந்த இரட்டை மணிக்குள் சிக்கியிருக்கும்.

நட்சத்திரம் எண்ணுபவன் | 31 அக்டோபர் 2024, இரவு 1:20

நள்ளிரவில் நாள் மாறுவது இயற்கையான ஒன்று அன்று, அது வெறும் ஏற்பாடு. வானியலாளர்கள் 1925 தொடங்கும்வரை தங்கள் நாளை நண்பகலில்தான் தொடங்கினார்கள், இரவு முழுவதும் வானத்தைப் பார்க்கிறவர்களுக்கு நடுவில் தேதி மாறினால் குறிப்பேடு குழம்பிவிடும் என்பதால். ஜூலியன் நாள் எண்ணிக்கை இன்றும் நண்பகலில்தான் தொடங்குகிறது. ஆகவே நாள் நள்ளிரவில் தொடங்குவது ஏன் என்ற உங்கள் கேள்விக்கு என் விடை: தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வினாக்குறி | 31 அக்டோபர் 2024, காலை 8:02

நான் கேட்ட கேள்வி அதுவன்று, ஆனால் கேட்காத கேள்விக்குக் கிடைத்த விடையும் பிடித்திருக்கிறது.

ஆவணப்பித்தன் | 31 அக்டோபர் 2024, காலை 9:10

கேள்வி தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தாலும் விடை தடம் விலகவில்லை. வானியலாளர்கள் செய்ததும் இதுவே: தங்கள் வேலை நடக்காத நேரத்தில் தையலைப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு அது நண்பகல், இரயில்வேக்குப் பின்னிரவு 2 மணி. இராப்பணி அம்மாவைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு நேரமே கிடையாது.

வினாக்குறி | 1 நவம்பர் 2024, மாலை 5:36

இதுவரை புரிந்ததை எழுதிப் பார்க்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். முன்னோக்கி நகர்த்தும்போது நள்ளிரவு மாற்றம் ஒரு நாளின் தொடக்கத்தை விழுங்கிவிடுகிறது. பின்னோக்கி நகர்த்தும்போது தேதியே பின்னால் போகிறது. ஞாயிறு ஆகிவிட்ட பிறகு மறுபடி சனி ஆகிறது. இதில் இரண்டாவதுதான் மோசமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

தராசு | 1 நவம்பர் 2024, இரவு 7:15

இரண்டாவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சரியாக 12 மணிக்கு மாற்றினால் கடிகாரம் 23:59:59-இலிருந்து நேராக 23:00:00-க்குப் போகும். ஞாயிறு என்று ஒரு நொடி கூடக் காட்டாது. சனிக்கிழமை நீள்கிறதே தவிர, ஞாயிறு பிறந்து இறக்கவில்லை. தேதி பின்னால் போனது என்று கண்டிப்பான பொருளில் சொல்ல முடியாது.

ஆவணப்பித்தன் | 1 நவம்பர் 2024, இரவு 9:50

கண்டிப்பான பொருளிலேயே பின்னால் போன இடம் ஒன்று உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1987 முதல் 2011 வரை மாற்றம் இரவு 12 மணி 1 நிமிடத்துக்கு நடந்தது. அந்த ஒரு நிமிடத்தின் விளைவைப் பாருங்கள். 2010 நவம்பர் 7 ஞாயிறு பிறந்தது, 0:00 ஆனது, 0:00:59 வரை ஓடியது. அடுத்த நொடி நவம்பர் 6 சனிக்கிழமை 23:01:00. பிறகு 59 நிமிடம் சனிக்கிழமையிலேயே ஓடி, ஞாயிறு மறுபடியும் பிறந்தது. ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நள்ளிரவுகள். "ஞாயிறு 0 மணிக்கு" என்று குறித்த ஒரு பணி எப்போது ஓட வேண்டும்? அந்த முதல் நிமிடத்தில் பிறந்த குழந்தைக்கு ஞாயிறு என்று பிறந்தநாள் பதிவாகும். அதற்கு அரை மணி நேரம் பின்னால் பிறந்த இரட்டைக்கு முந்தைய நாள் பதிவாகும்.

2011 நவம்பரில் அவர்களும் 2 மணிக்கு மாறிக்கொண்டார்கள்.

பழைய தண்டவாளம் | 2 நவம்பர் 2024, காலை 6:30

12 மணி 1 நிமிடம் என்று வைத்தவர் யாராக இருந்தாலும் அவர் எங்கள் ஆள்தான் என்று நினைக்கிறேன். அட்டவணையில் 24:00 என்றோ 0:00 என்றோ எழுதினால் எந்த நாள் என்று பயணி சண்டைக்கு வருவார் என்பதற்காக 23:59 என்றும் 0:01 என்றும் எழுதிப் பழகியவர்கள் நாங்கள். அச்சிட்ட தாளுக்கு அது நல்ல பழக்கம். பின்னோக்கி ஓடும் கடிகாரத்துக்கு அது ஆகாது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வில்லெட் பற்றிய திருத்தத்தையும் ஏற்கிறேன், காலவரிசை அப்படித்தான் இருக்கிறது.

நிரலி | 3 நவம்பர் 2024, மாலை 4:05

இன்று அமெரிக்க மாற்ற நாள் என்பதால் 2 மணியின் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இழை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மனிதர் தூங்கும் நேரம் என்பதாலேயே நாங்கள் காப்புப்பிரதி எடுப்பது, பழைய கோப்புகளை அழிப்பது போன்ற வேலைகளை 1:30, 2:30 என்று போட்டு வைக்கிறோம். மார்ச் மாத மாற்றத்தன்று 2:30 கிடையாது. நவம்பர் மாற்றத்தன்று 1:30 இரண்டு முறை. டெபியன் லினக்ஸில் உள்ள கிரான் என்ற அட்டவணைக் கருவி இதற்கென்றே ஒரு தனி ஏற்பாடு வைத்திருக்கிறது: குறிப்பிட்ட நேரத்துக்கு வைத்த வேலை தவறிப்போனால் மாற்றம் முடிந்ததும் ஓட்டும், திரும்ப வந்த மணியில் மறுபடி ஓட்டாது. எல்லா அட்டவணைக் கருவிகளும் இப்படி நடந்துகொள்வதில்லை. என் வழக்கம், சர்வர்களை உலக நேரத்திலேயே ஓடவிடுவது. முடியாத இடத்தில் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையே எதையும் வைக்காமல் இருப்பது.

ஆக, எந்த நேரத்தில் வைத்தாலும் எதையாவது உடைக்கத்தான் செய்யும். 2 மணியில் உடைவது மணி மட்டும். நள்ளிரவில் அதோடு தேதியும் உடையும்.

வினாக்குறி | 3 நவம்பர் 2024, இரவு 8:20

அப்படியானால் 4 மணிக்கு ஏன் வைக்கவில்லை? தேதி இன்னும் பாதுகாப்பாக இருக்குமே.

பழைய தண்டவாளம் | 3 நவம்பர் 2024, இரவு 9:01

4 மணிக்கு முதல் வண்டிக்கு ஆட்கள் பணிக்கு வந்துவிடுவார்கள். நாளிதழ்க் கட்டுகள் ஏறும், பால் ஏறும். 4 மணி என்பது எங்களுக்கு இரவு அன்று, காலை.

தராசு | 3 நவம்பர் 2024, இரவு 9:40

கணக்குப்படி பார்த்தால் கீழ் எல்லை மட்டும் உறுதியாகத் தெரிகிறது. ஒரு மணி நேரம் பின்னோக்கி நகர்த்தினால், 1 மணிக்கு முன்பு செய்யும் எந்த மாற்றமும் முந்தைய நாளுக்குள் விழும். 1 மணிக்குச் செய்தால் நள்ளிரவின் விளிம்பில் போய் நிற்கும், 1916-இல் ஜெர்மனி செய்தது போல. 2 மணிக்குச் செய்தால் ஒரு மணி நேரம் இடைவெளி கிடைக்கும். மேல் எல்லையை ஊர் விழிக்கும் நேரம் வைக்கிறது, அதற்குக் கணக்கு கிடையாது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் திரும்பும்போது 3 மணியை 2 ஆக்குகின்றன, அதுவும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆகவே 2 என்ற எண்ணில் புனிதம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆவணப்பித்தன் | 4 நவம்பர் 2024, காலை 7:55

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2 என்ற எண்ணே விதியில் இல்லை. எல்லா உறுப்பு நாடுகளும் உலக நேரம் 1 மணிக்கு ஒரே கணத்தில் மாறுகின்றன. அது பெர்லினில் 2, ஏதென்சில் 3. அமெரிக்காவில் ஒவ்வொரு மண்டலமும் தன் 2 மணி வரும்போது மாறுவதால், நேற்று ஒரு மணி நேரம் நியூயார்க்கும் சிகாகோவும் ஒரே மணியைக் காட்டின. மார்ச்சில் ஒரு மணி நேரம் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி வித்தியாசம் இருக்கும். ஐரோப்பிய முறையில் இந்தத் தடுமாற்றம் இல்லை. ஆனால் அதற்கு மேற்கு ஓரத்தில் ஒரு விலை இருக்கிறது. உலக நேரத்துக்கு ஒரு மணி பின்னால் இருக்கும் இடத்தில் உலக நேரம் 1 மணி என்பது எது என்று எண்ணிப் பாருங்கள்.

வினாக்குறி | 4 நவம்பர் 2024, காலை 8:30

நள்ளிரவு! அப்படி ஓர் இடம் இருக்கிறதா?

ஆவணப்பித்தன் | 4 நவம்பர் 2024, காலை 8:41

போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகள். அங்கே மார்ச் கடைசி ஞாயிறு 1 மணியில்தான் பிறக்கிறது. கிரீன்லாந்தும் இதே கணத்தில்தான் மாறுகிறது, அதன் பெரும்பகுதி உலக நேரத்துக்கு இரண்டு மணி பின்னால் இருப்பதால் கதை இன்னும் சுவையானது. மார்ச் வரட்டும்.

வினாக்குறி | 30 மார்ச் 2025, காலை 10:15

மார்ச் வந்துவிட்டது. நேற்று ஒரு பழைய கைப்பேசியில் நேர மண்டலத்தை கிரீன்லாந்தின் தலைநகரான நூக் என்று வைத்து, சனிக்கிழமை இரவு 11:30-க்கு எழுப்பொலி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். உலக நேரம் 1 மணி ஆனபோது திரையில் 22:59 இருந்தது, அடுத்த நிமிடம் 0:00, ஞாயிறு என்று வந்தது. சனிக்கிழமைக்குப் பதினொரு மணியே இல்லை. எழுப்பொலியும் அடிக்கவில்லை. விட்டுவிட்டது என்று நினைத்துக் கைப்பேசியைக் கீழே வைக்கும் நேரத்தில், ஞாயிறு 0:30 என்று திரை காட்ட, அடித்தது.

நிரலி | 30 மார்ச் 2025, காலை 11:02

இல்லாத 23:30-ஐப் பழைய இடைவெளியை வைத்துக் கணக்கிட்டிருக்கிறது. அதனால் முன்னோக்கித் தள்ளி 0:30 என்று எடுத்துக்கொண்டது. என் நவம்பர் 4 முன்பதிவு ஒரு நாள் பின்னால் விழுந்தது, உங்கள் எழுப்பொலி ஒரு நாள் முன்னால் விழுந்திருக்கிறது. அக்டோபரிலும் ஒரு முறை வைத்துப் பாருங்கள், அன்று சனிக்கிழமை 11:30 இரண்டு முறை வரும்.

இராப்பணி | 30 மார்ச் 2025, பகல் 1:40

நேற்றிரவு எனக்கும் பணிதான். 11 மணி நேரப் பணிக்கு 12 மணி நேரம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அக்டோபரில் 13 மணி நேரத்துக்கும் 12 என்றுதான் போட்டேன், ஆகவே யாரும் திருத்த வேண்டாம்.